கட்டைப்பையோடு திரும்பி வருபவர்

கேள்வி: ஜவுளிக்கடைக்குப் புகாரோடு வருபவரை வாசலிலேயே கண்டுபிடித்துவிட முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. புடவை எடுக்க வருபவரின் கண் வாசல் பொம்மையில் தொடங்கி ரேக் ரேக்காக மேயும். புகாரோடு வருபவர் எதையும் பார்ப்பதில்லை. போன தடவை புடவை எடுத்துப் போட்ட சேல்ஸ்மேன் எங்கே என்று மட்டும் தேடுவார். கையில் அதே கடையின் கட்டைப்பை, வாய் சுருட்டி இறுகப் பிடித்தபடி. பக்கத்தில் ஒரு நாத்தனாரோ சித்தியோ, சாட்சிக்கு.

இவ்வளவும் பொருந்தினாலும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதே பை, அதே பிடி, அதே நாத்தனாரோடு வந்து, புடவைக்குப் பொருத்தமாக ஒரு பிளவுஸ் பிட் கேட்பவர்கள் நிறைய. பட்டுப்புடவையைப் பத்திரமாகப் பிடித்திருப்பதும் சண்டைக்குத் தயாராக இருப்பதும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும். பிளவுஸ் பிட்டுக்கு வந்தவரை முறைப்போடு வரவேற்றால், இல்லாத புகாரைக் கடையே உண்டாக்கி அனுப்புகிறது.

கேள்வி: சரி, முதல் வார்த்தை என்ன?

பதில்: புடவை எடுக்க வந்த அன்று சொன்ன அதே வார்த்தை: “வாங்கம்மா, உட்காருங்க.” அன்றைக்கு இருந்த குரலும் வேண்டும். அன்று படியிறங்கி வந்து கூப்பிட்ட கடை இன்று கல்லாவுக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் ஆட்டினால், பேச்சு தொடங்குமுன்பே வாடிக்கையாளருக்கு விடை தெரிந்துவிடும். பார்வை முகத்தில் இருக்க வேண்டும், பையில் அல்ல. பையை வாங்கிப் பிரிப்பதும் கூடாது. எப்போது திறப்பது என்பது கொண்டுவந்தவரின் உரிமை.

சொல்லக் கூடாதவற்றில் முதலிடம் “பில் இருக்கா?” என்பதற்கு. பில் தேவைதான், ஆனால் பத்து நிமிடம் கழித்து. முதல் வாக்கியமாக வந்தால் அது போலீஸ் வண்டியை மறித்து லைசென்ஸ் கேட்பது போல ஒலிக்கும். இரண்டாவது, “என்ன பிராப்ளம்?” பிரச்சினை என்ற சொல்லை வந்தவர் இன்னும் உச்சரிக்கவில்லை, கடைக்காரர் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்கிறார். மூன்றாவது, பக்கத்துக் கவுண்டர் பையனைப் பார்த்து ஒரு சிரிப்பு. அது வார்த்தையே இல்லை என்று வாதாடலாம். வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கேள்வி: வாய் ‘வாங்க’ என்கிறது, நெஞ்சு படபடக்கிறது. அதற்கு என்ன வழி?

பதில்: வாசலிலிருந்து கவுண்டர் வரை வர வாடிக்கையாளருக்குச் சில நொடிகள் ஆகும். அதற்குள் ஒரு மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விட்டால் போதும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. யோகாசன வகுப்புக்குப் போகாதவருக்கும் உடம்பு இப்படித்தான் வேலை செய்கிறது. அந்த மூச்சு பெருமூச்சாகக் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ‘வந்துட்டாங்கப்பா’ என்று அதற்குப் பொருள் சொல்லிவிடுவார்கள். கைகளைக் கட்டிக்கொள்ளாமல் கவுண்டர்மேல் விரித்து வைப்பதும் நல்லது. கையில் மடிக்க ஒரு துணி இருந்தால் அதைக் கீழே வைத்துவிட வேண்டும். மடித்துக்கொண்டே கேட்பவர் பாதிதான் கேட்கிறார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்ட் விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து 1983-ல் எழுதிய புத்தகத்தில் இரண்டு வகை நடிப்பைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, உள்ளே எரிச்சலை வைத்துக்கொண்டு முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டுவது. மற்றது, எரிச்சலே வராதபடி மனத்துக்கு வேறொரு காரணம் சொல்லிக் கொடுப்பது: கோபப்படும் பயணிக்கு வீட்டில் ஏதோ துயரம் இருக்கலாம் என்று எண்ணிக்கொள்வது போல. ஜவுளிக்கடைக்கு இரண்டாவதே பொருந்தும். ‘முகூர்த்தத்தில் நாலு பேர் பார்க்கும்படி ஏதோ ஆகியிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டால் குரல் தானே இறங்கும். பெரும்பாலும் நடந்திருப்பதும் அதுதான்.

கேள்வி: ஓர் உதாரணத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: சந்தன நிற உடல், அரக்கு பார்டர், பட்டுப்புடவை. கல்யாணத்தன்று கட்டியதில் இடுப்புப் பக்கம் அரக்குச் சாயம் சந்தன நிறத்தில் இறங்கிவிட்டது. அந்த அம்மா பையோடு வந்து நிற்கிறார். விற்ற சேல்ஸ்மேனுக்குப் புடவை ஞாபகம் இருக்கிறது. சாயம்தான் என்று ஊகமும் வந்துவிட்டது. நாக்கு நுனியில் ஒரு கேள்வி துடிக்கிறது: “தண்ணியில போட்டீங்களா?”

இந்தக் கேள்வியை விழுங்குவதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. சாயம் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. ஊகம் சரியாகவே இருந்தாலும், புகாரைக் கேட்குமுன் வந்த கேள்வி, ‘இந்தப் புடவை சாயம் போகும் என்று விற்கும்போதே தெரியும்’ என்ற வாக்குமூலமாகிவிடும். தண்ணீர்தான் காரணம் என்பதும் நிச்சயமில்லை. கெட்டிப்படாத சாயம் வியர்வையிலும் இறங்கும். அதனால்தான் வியர்வையில் சாயம் நிற்கிறதா என்று துணிகளைச் சோதிக்கத் தனி முறையே இருக்கிறது. மண்டபக் கூட்டத்தில் இடுப்பு நனைய வேறு தண்ணீர் எதற்கு?

எனவே சேல்ஸ்மேன் கவுண்டரைச் சுற்றி இந்தப் பக்கம் வருகிறார். “வாங்கம்மா, உட்காருங்க. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?” என்கிறார். கூட வந்தவருக்கும் ஒரு நாற்காலி. சாட்சியை நிற்க வைத்தால் வழக்கு வேகமெடுக்கும். தண்ணீர் டம்ளர் வருகிறது. பிறகு சும்மா இருக்கிறார். அந்த மௌனத்தைப் பொறுக்காமல் இன்னொரு வாக்கியம் போட்டு நிரப்புபவர்கள்தான் தவறிவிடுகிறார்கள். சற்று நேரத்தில் அந்த அம்மாவே பையைத் திறந்து, கறை பட்ட இடத்தை மேலே எடுத்து விரிக்கிறார். “உங்க கடையில…” என்று தொடங்காமல் “அன்னைக்கு மண்டபத்துல…” என்று தொடங்கினால் வரவேற்பு வேலை செய்திருக்கிறது என்று அறியலாம். முதலாவது குற்றப்பத்திரிகை, இரண்டாவது கதை.

கேள்வி: சேல்ஸ்மேன் எவ்வளவு பதமாக இருந்தாலும், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பின்னால் போர்டு தொங்குகிறதே?

பதில்: வரவேற்புக்கு முன்பே பேசிவிடும் போர்டு அது. அதைக் கழற்றுவதற்கு மரியாதை மட்டும் காரணமல்ல. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடு உண்டா என்பது விவாதத்துக்கு உரியது. போர்டு அந்த விவாதத்துக்கே இடம் தருவதில்லை. நிறம் பிடிக்கவில்லை என்று மாற்ற வருவது வேறு விஷயம், அது கடையின் தாராளத்தைப் பொறுத்தது.

கேள்வி: காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பவரிடம் சாயங்காலம் ஏழு மணிக்குப் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமா?

பதில்: இல்லை. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. முட்டி வலிக்கும் சேல்ஸ்மேனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவதைவிட ஒரு ஸ்டூல் மலிவு.

கேள்வி: உட்காரவே மறுத்து, வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தால்?

பதில்: அப்போது அவர் புகாரைச் சொல்லத் தொடங்கிவிட்டார்; வரவேற்பு தாமதமாகிவிட்டது. “கத்தாதீங்க” என்று சொல்லக் கூடாது, “மத்த கஸ்டமர் எல்லாம் இருக்காங்க” என்பதும் கூடாது. அவர்கள் இருப்பதால்தான் அந்தச் சத்தம். ஒரு சுற்று முடியும்வரை குறுக்கிடாமல் கேட்டு, பிறகு தாழ்ந்த குரலில் “புடவையைப் பார்க்கலாமாம்மா?” என்று கேட்டு, வெளிச்சம் நன்றாக விழும் மேசைப் பக்கம் நடக்க வேண்டும். துணியைக் காட்ட வெளிச்சம் வேண்டும் என்பது எவருக்கும் புரியும் காரணம். பின்னறைக்கு அழைத்தால் ‘மூடி மறைக்கப் பார்க்கிறார்கள்’ என்ற சந்தேகம்தான் வரும்.