வராத பணத்துக்குச் சான்றிதழ்

கடன் தவணையைத் தளர்த்தித் தரும்படி வங்கிப் படியேறும் சிறுதொழில்காரரிடம் ஒரு பட்டியலை நீட்டுவார்கள். ஆறு மாத வங்கிக் கணக்கு, தணிக்கை செய்த வரவு செலவு, அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கான பணவரவுக் கணிப்பு, யார் எத்தனை நாளாக எவ்வளவு பாக்கி என்ற விவரம். இதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடன் கொடுத்தவன் கேட்கத்தான் செய்வான். பட்டியலின் அடியில் இன்னொன்று இருக்கும். பணம் தராமல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளரே, தாம் இவ்வளவு பாக்கி வைத்திருப்பதாகவும் இன்ன தேதிக்குள் தந்துவிடுவதாகவும் தம் கம்பெனிக் கடிதத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

கோழி களவு போய்விட்டது என்று சொல்லப் போனவனை, திருடனிடம் ரசீது வாங்கி வா என்று அனுப்புகிறார்கள். எட்டு மாதமாகத் தொலைபேசியை எடுக்காத கணக்குப் பிரிவு, இந்தக் கடிதத்துக்கு மட்டும் உட்கார்ந்து தட்டச்சு செய்து முத்திரையும் குத்துமாம். அங்கிருந்து வரக்கூடிய பதில் ஊரறிந்தது: 'செடாங் டிப்ரோசெஸ்.' நடவடிக்கையில் இருக்கிறது. எந்த நடவடிக்கை, யார் மேசையில், எந்த நூற்றாண்டில் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெங்லெம்புவில் லேத் பட்டறை நடத்தும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா கங்காணியிடம் வாங்கிய முன்பணக் கடனோடு கப்பலேறி வந்தவர். அப்பா சுங்கை சிப்புட் பக்கத்தில் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டம் செம்பனையாகி அப்புறம் தாமானாகவும் ஆனபோது ஈப்போவுக்கு வந்து இரும்பு பிடித்தவர். இவர் லுமுட் பக்கத்துக் கட்டுமானத் தளங்களுக்குக் குழாய்த் தாங்கிகளும் ஃபிளாஞ்சுகளும் செய்து அனுப்புகிறார். இயந்திரம் வாங்க 400,000 வெள்ளிக் கடன், ஐந்து ஆண்டு, 7 விழுக்காடு வட்டி. மாதத் தவணை 7,920 வெள்ளி. இரண்டு ஆண்டுகள் ஒரு நாள் தவறாமல் கட்டியிருக்கிறார். மீதி அசல் ஏறக்குறைய 256,500.

இப்போது ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர் 180,000 வெள்ளியை நிறுத்தி வைத்திருக்கிறார். இன்வாய்ஸில் 60 நாள் என்று இருக்கிறது. எட்டு மாதம் ஆகிவிட்டது. மற்ற சிறு வேலைகளிலிருந்து வரும் பணத்தில் இரும்பு, சம்பளம், இ.பி.எஃப்., மின்சாரம் எல்லாம் போக மாதம் 6,000 வெள்ளி மிஞ்சுகிறது. தவணைக்கு 1,920 குறைகிறது. அவர் திவாலான ஆள் இல்லை. பிழைக்கக்கூடிய தொழில், தவறான நீளத்தில் ஒரு கடன், அவ்வளவுதான்.

அவர் கேட்கவேண்டியதும் சிக்கலானதல்ல. ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும்: மாதம் 1,496. அதன் பிறகு மீதி அசலை 54 மாதத்துக்கு நீட்டித்தால் தவணை 5,551. கையில் மிஞ்சும் ஆறாயிரத்துக்குள் அடங்குகிறது. அந்த ஆறு மாதத்தில் மிச்சமாகும் ஏறக்குறைய 27,000 வெள்ளியை இரும்புக் கடைக்காரரின் பாக்கிக்குக் கொடுத்து, சரக்கு நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம். வங்கிக்கு நட்டமா? இல்லை. கடைசிவரை கட்டினால் பழைய ஏற்பாட்டைவிட ஏறக்குறைய 23,600 வெள்ளி கூடுதல் வட்டி அதற்கு. கருணை என்று யாரும் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்குகிறார் கால அவகாசத்தை.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போகிறார். கிளையில் உட்கார்ந்திருக்கும் பெண் நல்ல பிள்ளை. "அங்கிள், நான் அனுப்பிட்டேன். எச்.கியூ.தான் பார்க்கணும்" என்பாள். எச்.கியூ. கோலாலம்பூரில் எங்கோ ஒரு மாடியில் இருக்கிறது. அங்கே இரண்டு அறைகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையில் இவருடைய மனுவைப் பரிசீலிக்கிறார்கள். பக்கத்து அறையில் பாக்கி வசூல். இரண்டுக்கும் நடுவே கதவு வைக்க மறந்துவிட்டார்கள். அதனால்தான் மனு நிலுவையில் இருக்கும்போதே வக்கீல் நோட்டீஸும் வீட்டுக்கு வந்து சேருகிறது.

நாள் ஓடுவது சாதாரண விஷயமில்லை. மூன்று மாதம், அதாவது 90 நாள் பாக்கி விழுந்தால் வங்கிக் கணக்கில் அது கெட்ட கடன். அதற்குப் பிறகு பேசுகிற ஆளும் மாறுவார், தொனியும் மாறும். அதனால் முதல் தவணை தவறுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிட வேண்டும், பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நம் ஆட்கள் செய்வது வேறு. மானம் போகுமே என்று மனைவியின் நகையை வைத்து ஒரு தவணை, கிரெடிட் கார்டில் ஒரு தவணை, அப்புறம் யாரோ காட்டிய ஆ லோங்கிடம் ஒரு தவணை. கடைசியில் வங்கிக்குப் போகும்போது காட்ட ஒரு கணக்கும் சுத்தமாக இருக்காது.

பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. கடந்த பன்னிரண்டு மாதம் யார் எத்தனை தவணை பாக்கி என்று மாதத்துக்கு ஓர் எண்ணாக அதில் நிற்கும். நம்மவர் ஒரு மாதம் தவறினால் 1, அடுத்ததும் தவறினால் 2. நாட்டில் உள்ள எந்த வங்கியும் பார்க்கலாம். சரி, அவருக்கு 180,000 வெள்ளி தராதவரின் பக்கத்தில் என்ன இருக்கும்? இந்தப் பாக்கியைப் பொறுத்தவரை ஒன்றுமே இருக்காது. அந்தப் பதிவேட்டில் ஏறுவது நிதி நிறுவனங்களுக்குத் தரவேண்டிய கடன். பட்டறைக்காரனுக்குத் தரவேண்டியது அதில் கடனே இல்லை. கொடுக்காதவன் சுத்தம். கொடுக்காதவனால் கொடுக்க முடியாமல் போனவன் அழுக்கு.

இனி பெரிய இடத்துக் கதைக்கு வருவோம். லுமுட்டில் கட்டுமானத் தளம் வைத்திருந்த சப்புரா எனர்ஜி, பத்து பில்லியன் வெள்ளிக்கும் மேல் கடனோடு 2022 மார்ச்சில் நீதிமன்றம் போனது. கடன்காரர்கள் வழக்குத் தொடுக்க முடியாதபடி தடை உத்தரவு கிடைத்தது. சட்டத்தில் உள்ள வழிதான், நிறுவனச் சட்டம் 2016-இன் 368-வது பிரிவு. மூச்சு விட நேரம் வேண்டும் என்றார்கள், கொடுத்தார்கள். போதவில்லை என்றார்கள், மறுபடி கொடுத்தார்கள். ஆனால் அந்தத் தடை, அந்த நிறுவனத்துக்குச் சரக்கும் உழைப்பும் கொடுத்துவிட்டுக் காத்திருந்த சப்ளையர்களுடைய வங்கிகளைத் தடுக்கவில்லை. யானைக்குக் குடை பிடித்தவன் மழையில் நின்றான். 2025 மார்ச்சில்தான் நிதியமைச்சு 1.1 பில்லியன் வெள்ளியை, இந்த சப்ளையர்களின் பாக்கியைத் தீர்ப்பதற்கென்று, அந்த நிறுவனத்துக்குள் செலுத்தப்போவதாக அறிவித்தது. காத்திருந்தவர்கள் 2,000-க்கும் மேல். இடையில் மூன்று ஆண்டுகள். மூன்று ஆண்டில் எத்தனை முறை 90 நாள் வரும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளட்டும். அந்த நிறுவனம் அதே ஆண்டில் பெயரையும் வான்ட்ரிஸ் என்று மாற்றிக்கொண்டது. பட்டறைக்காரனால் மாற்றிக்கொள்ள முடியாதது அதுதான்: சிசிரிஸில் இருப்பது அடையாள அட்டை எண்.

இன்னொன்று. 2021-இல் ஏர் ஏசியா எக்ஸ் தன் கடன்காரர்களுக்குப் பாக்கியில் 0.5 விழுக்காடு தருவதாகச் சொன்னது. நூறு வெள்ளிக்கு ஐம்பது காசு. கடன்காரர்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டார்கள். நம் மெங்லெம்புக்காரர் ஒரு காசையும் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. முழுசாகக் கட்டுகிறேன், மேலே 23,600-ம் தருகிறேன் என்கிறார். அவரிடம்தான் கேள்வி கேட்கிறார்கள்: உங்கள் தொழில் நிலைக்குமா?

1998 நெருக்கடியில் பெரிய நிறுவனங்களுக்காகக் கடன் சீரமைப்புக் குழு ஒன்றை அரசு அமைத்தது. உள்ளே நுழைய அப்போது குறைந்தபட்சம் 50 மில்லியன் வெள்ளி கடன் இருக்க வேண்டும். சின்னவர்களுக்கு 2003-இல் பேங்க் நெகாரா தனியாகச் சிறுகடன் தீர்வுத் திட்டம் கொண்டுவந்தது. இப்போது அது ஏ.கே.பி.கே. வழியாக நடக்கிறது, கட்டணம் இல்லை. பல வங்கிக் கடன்களையும் ஒரே மேசையில் வைத்துப் பேசலாம். பயனுள்ள கதவுதான். ஆனால் ஆ லோங் வந்து கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றிய பிறகுதான் பலருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரிகிறது. வங்கிக் கிளையில் வைப்புநிதிக்கும் காப்புறுதிக்கும் ஆளுயரப் பதாகை நிற்கிறது. இதற்கு ஓர் உள்ளங்கையளவு காகிதம்கூட இருப்பதில்லை.

மறுத்துவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா? போகலாம், தேநீர் குடிக்க. கடன் கொடுப்பது, மறுப்பது, தவணை மாற்றுவது ஆகியவை வங்கியின் வணிக முடிவு, அதில் தலையிடுவதில்லை என்பது அங்கே விதி.

வாடிக்கையாளரை நெருக்கவும் வழி குறைவு. கட்டுமான ஒப்பந்தக்காரர்களுக்கு 2014-இல் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டம் உண்டு, விரைவாகத் தீர்ப்பு வாங்கலாம். உங்கள் ஒப்பந்தம் கட்டுமானம்தானா, வெறும் சரக்கு விற்பனையா என்ற வாதத்திலேயே பட்டறைக்காரன் பாதிச் சொத்தை இழப்பான். இந்தியாவில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தரவேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்கிறது. அங்கேயும் புகார் கொடுத்தவனுக்கு மறு ஆர்டர் கிடைக்காது. ஆனாலும் எழுதி வைக்கவாவது அவர்களுக்கு மனம் வந்திருக்கிறது.

ஒரு நாள் எச்.கியூ. கண் திறக்கிறது. மனு ஏற்கப்பட்டது! பட்டறையில் எல்லாருக்கும் தே தாரேக். பிறகுதான் கடிதத்தைப் படிக்கிறார்கள். வட்டி மட்டும் கட்டும் ஆறு மாதம் கிடையாது. மீதி 36 மாதத்தை 48 ஆக்கியிருக்கிறார்கள். புதுத் தவணை 6,143 வெள்ளி. மிஞ்சுவது 6,000 என்று அவரே எழுதிக் கொடுத்த கணிப்பு அதே கோப்பில்தான் இருக்கிறது. யாரும் கழித்துப் பார்க்கவில்லை. மாதம் 143 வெள்ளி பள்ளத்தோடு உதவி செய்திருக்கிறார்கள். சில மாதத்தில் மறுபடி தவறுவார். அப்போது, ஏற்கெனவே ஒருமுறை சீரமைத்துக் கொடுத்தும் கட்டாதவர் என்று பதிவேடு சொல்லும்.

அதனால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல், 54 மாதக் கணக்கை மறுபடி இணைத்து, 143 வெள்ளியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, மறுபரிசீலனை கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். நேரம் இருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் தெரியும். ஜாமீன் போட்ட மனைவியும் தம்பியும் நேரில் வந்து புதிதாகக் கையெழுத்திட வேண்டும். நாலு மாதம் எடுத்துக்கொண்ட வங்கி, பதிலுக்கு 14 நாள் கொடுத்திருக்கிறது. அதில் ஆறு நாள் தபாலிலேயே போய்விட்டது.