ஒட்டுகிற கை, வெட்டுகிற கை

எச்1என்1, எச்5என்1 என்று வண்டி நம்பர் மாதிரி பெயர் வைக்கிறார்களே, யார் அந்த எச், யார் அந்த என்?
— கும்பகோணம் வாசகர்

ஃப்ளூ வைரஸின் மேலே முள் முள்ளாக நிற்கும் இரண்டு புரதங்கள். எச் என்பது ஹீமக்ளூட்டினின், அது ஒட்டும். என் என்பது நியூராமினிடேஸ், அது வெட்டும். நம்பர் அந்தந்தப் புரதத்தின் ரகம்.

ஹீமக்ளூட்டினின்... சொல்வதற்குள் மூச்சு வாங்குகிறது. இந்தப் பெயர் எதற்கு?
— தேனி வாசகி

‘ரத்தத்தைத் திரட்டுவது’ என்று பொருள். 1941-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹர்ஸ்ட், கோழி முட்டையில் ஃப்ளூ வைரஸை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திரவத்தில் கோழியின் சிவப்பணுக்கள் கலந்தபோது அவை கட்டி கட்டியாகத் திரண்டன. வைரஸ்தான் இடையில் நின்று ஒட்டவைத்தது. வேடிக்கை அதற்கப்புறம். உடல் சூட்டில் சில மணி நேரம் வைத்தால் கட்டி தானாகவே பிரிந்தது. பிரிந்த அணுக்களோடு அதே வைரஸை மறுபடி சேர்த்தால் திரளவில்லை. ஆக, வைரஸ் பிடித்துத் தொங்கிய கொம்பை வைரஸே வெட்டிவிட்டுப் போயிருந்தது. ஒரே சோதனைக் குழாயில் இரண்டு கைகளும் மாட்டிக்கொண்டன!

செல்லுக்குள் நுழைவது கதவை உடைத்தா, சுவரேறிக் குதித்தா?
— சிவகாசி வாசகர்

இரண்டுமில்லை, வீட்டுக்காரரே தூக்கிக்கொண்டு போகிறார். நம் மூச்சுக்குழாய்ச் செல்களின் மேல் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை இருக்கிறது. ஹீமக்ளூட்டினின் அதைப் பிடித்துக்கொள்ளும். ஏதோ சாப்பாடு என்று நினைத்துச் செல் அதை ஒரு பைக்குள் போட்டு உள்ளே இழுக்கிறது. போகப் போகப் பைக்குள் அமிலம் ஏறுகிறது. ஏறக்குறைய பிஹெச் 5-ஐத் தொட்டதும் ஹீமக்ளூட்டினின் உருமாறி, மடித்து வைத்திருந்த கொக்கியைப் பையின் சுவரில் மாட்டி, வைரஸின் உறையையும் பையின் சுவரையும் ஒன்றாக இணைத்துவிடும். மரபணுக்கள் உள்ளே கொட்டும்.

இதற்கு ஒரு முன்னேற்பாடு உண்டு: அந்தப் புரதத்தை யாராவது முன்கூட்டியே இரண்டாக நறுக்கித் தந்திருக்க வேண்டும். நறுக்காவிட்டால் கொக்கி விரியாது. அதைச் செய்து கொடுப்பது நம்முடைய சொந்த நொதிகள். வீட்டுக்குள்ளேயே ஆள் வைத்திருக்கிறது!

அவ்வளவு பிடியாக ஒட்டினால் வெளியே வரும் குட்டி வைரஸ்களும் ஒட்டிக்கொள்ளாதா?
— நாகர்கோவில் வாசகி

ஒட்டிக்கொள்ளும். செல்லின் மேலேயும் அதே சர்க்கரைதானே? அங்கேதான் நியூராமினிடேஸ் கத்தரியாக வேலை செய்கிறது. சியாலிக் அமிலத்தை நறுக்கி வைரஸை விடுவிக்கிறது. கத்தரி இல்லாவிட்டால் புது வைரஸ்கள் பிறந்த இடத்திலேயே கொத்துக் கொத்தாகக் கிடக்கும்.

டாமிஃப்ளூ எந்தக் கையைப் பிடிக்கிறது? ஏன் இரண்டு நாளுக்குள் சாப்பிடச் சொல்கிறார்கள்?
— ஈரோடு வாசகர்

கத்தரியை. டாமிஃப்ளூவில் இருக்கும் ஆசெல்டமிவிர், சியாலிக் அமிலம் போலவே வேஷம் போட்டுக் கத்தரியின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். மூச்சில் இழுக்கும் ஸனாமிவிரும் அப்படித்தான். 1983-இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் கோல்மன் குழு அந்த வாயின் வடிவத்தைக் கண்டறிந்தது. அதற்குப் பொருந்தும்படி செதுக்கப்பட்டது ஸனாமிவிர்.

ஆனால் இவை வைரஸ் நுழைவதையும் பெருகுவதையும் தடுப்பதில்லை. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் பரவுவதைத்தான் மட்டுப்படுத்தும். ஊர் முழுக்கப் பரவிய பிறகு பஸ் ஸ்டாண்டை மூடி என்ன பயன்? ஆரம்பத்திலேயே சாப்பிட்டாலும் ஏறக்குறைய ஒரு நாள் காய்ச்சல்தான் மிச்சம்.

வைரஸ் அந்த மருந்துக்கே கம்பி நீட்டாதா?
— மதுரை வாசகர்

நீட்டிவிட்டது. 2007-08 குளிர்காலத்தில் நார்வே உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில், பருவகால எச்1என்1 வைரஸில் நியூராமினிடேஸின் 275-ஆம் இடத்து ஹிஸ்டிடின் டைரோசினாக மாறியிருந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம்! ஆசெல்டமிவிருக்கு ஒரு பருத்த பக்கக் கிளை உண்டு. அது உட்கார, கத்தரியின் வாயில் ஒரு பகுதி திரும்பி இடம் விட வேண்டும். இந்த மாற்றம் அந்தத் திரும்பலைத் தடுத்தது. ஸனாமிவிர் நிஜச் சர்க்கரையைப் போலவே ஒல்லி. இடம் கேட்காததால் அது தொடர்ந்து வேலை செய்தது. அடுத்த ஆண்டுக்குள் உலகின் பல பகுதிகளில் அந்த ரகம் ஏறக்குறைய முழுவதும் டாமிஃப்ளூவுக்கு அடங்காததாகிவிட்டது. பிறகு 2009-இல் புது எச்1என்1 வந்து அதை ஒழித்துக்கட்டியது. புதியது பெரும்பாலும் மருந்துக்கு அடங்கியது. பகைவனை இன்னொரு பகைவன் தீர்த்த கதை.

தடுப்பூசி எந்தக் கையைப் பிடிக்கிறது? வருஷா வருஷம் ஏன்?
— கோவை வாசகி

பெரும்பாலும் ஒட்டுகிற கையை. ஹீமக்ளூட்டினினின் தலையில்தான் சர்க்கரை பிடிக்கும் குழி இருக்கிறது. ஆன்டிபாடிகள் அந்தக் குழியைச் சுற்றி அப்பிக்கொண்டால் பிடி விழாது. தொல்லை என்னவென்றால், குழியைச் சுற்றியுள்ள இடங்களை வைரஸ் மாற்றிக்கொண்டே இருக்கும். தலையைத் தாங்கும் தண்டை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது, மாற்றினால் கொக்கி கெட்டுவிடும். அதனால்தான் தண்டைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் மேல் ஆராய்ச்சியாளர்களுக்கு ஆசை. ஆனால் நம் உடம்பு தலையைப் பார்த்த மயக்கத்தில் தண்டைக் கவனிப்பது குறைவு. நியூராமினிடேஸைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளும் உண்டு, அவை நோயின் கடுமையைக் குறைக்கும். தடுப்பூசியிலோ ஹீமக்ளூட்டினின் அளவைத்தான் மைக்ரோகிராம் கணக்கில் அளந்து போடுகிறார்கள், கத்தரியை யாரும் அளப்பதில்லை.

ஊசி வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்?
— சேலம் வாசகர்

ஹர்ஸ்ட் வழியேதான். உங்கள் சீரத்தை நீர்க்க வைத்து, வைரஸையும் சிவப்பணுக்களையும் சேர்ப்பார்கள். 40-இல் ஒரு பங்காக நீர்த்த பிறகும் திரளாவிட்டால், தொற்று வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கும் என்று கணக்கு. மீதிப் பாதிக்கு மாஸ்க் போடுங்கள்.