ஏழு பக்கத்து வள்ளல்

நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு ரீல் என்றால், ஒருவர் ரூபாயைத் தருகிறார், இன்னொருவர் ரீலைத் தருகிறார், அத்தோடு கணக்கு தீர்ந்தது என்று நினைக்கிற அளவுக்குத்தான் நமக்கெல்லாம் அறிவு. அந்த அற்பக் கொடுக்கல் வாங்கலை ஏழு பக்கமாக வளர்த்தெடுத்த மேதையின் பெயர் ஒப்பந்தத்தில் எங்குமே இல்லை. யார் எழுதினார் என்று ஏஜென்சிக்காரரைக் கேட்டால், ‘லீகல் டீம்’ என்கிறார். புகழை விரும்பாத அந்த உள்ளத்துக்கு யாராவது ஒருவர் மாலை போட வேண்டாமா? நான் போடுகிறேன்.

ஒட்டன்சத்திரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, சமையல் வீடியோ போடுகிறவர். குழம்பு மசாலா விற்கிற ஒரு நிறுவனத்துக்காக ஓர் ஏஜென்சி அவரை அழைத்தது. ஒரு ரீல், நாற்பதாயிரம் ரூபாய். மார்ச் 1 அன்று அக்கா கையெழுத்துப் போட்டார். நம் மேதையின் கருணை அன்றிலிருந்து பொழியத் தொடங்கியது.

முதல் கருணை, பயன்பாட்டு உரிமை. ரீல் அக்காவின் பக்கத்தில் வரும் என்றுதான் பேச்சு. ஆனால் ஒப்பந்தத்தில், ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும், இப்போது உள்ளதும் இனிமேல் கண்டுபிடிக்கப்படப் போவதுமான எல்லா ஊடகங்களிலும்’ நிறுவனம் அதைப் பயன்படுத்தலாம் என்றிருந்தது. இனிமேல் கண்டுபிடிக்கப்படப் போகிறதாம்! விஞ்ஞானிகளே இன்னும் யோசிக்காத கருவியில்கூட அக்காவின் சாம்பார் கொதிக்க வேண்டும் என்று ஏங்கிய மனம் எவ்வளவு விசாலமானது. ரீலைப் பணம் கட்டி விளம்பரமாக ஓட்டலாம், வெட்டி ஒட்டலாம், அக்காவின் முகத்தை மட்டும் எடுத்துப் பாக்கெட்டில் அச்சடிக்கலாம், பேருந்து நிழற்குடையில் மாட்டலாம். ஒரு கல்யாணத்துக்கு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துவிட்டு, பிறக்கப் போகிற பேரனின் காதுகுத்தையும் அதே வாடகையில் நடத்திக்கொள்கிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்க்காது.

இதில் நம் மேதைக்கு ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19-ஆவது பிரிவில் கொஞ்சம் கஞ்சத்தனமாகப் பேசுகிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுதான். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள்தான். எழுதி வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்றும் சொல்கிறது, வேறுவிதமாக ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் ஒழிய. அதாவது ஒப்பந்தம் வாயை மூடிக்கொண்டிருந்தாலே அக்காவுக்கு லாபம். அப்படி ஒரு அநியாயம் நடந்துவிடக் கூடாதே என்றுதான் நம்மவர் ‘நிரந்தரமாக’ என்றும் ‘உலகம் முழுவதும்’ என்றும் எழுதி, ‘பிரிவு 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது’ என்று ஒரு வரியையும் பொடி எழுத்தில் சேர்த்தார். சட்டத்தை இவ்வளவு ஊன்றிப் படித்தவர் நாட்டில் எத்தனை பேர்?

நன்றி கெட்ட சிலர், தன் பக்கத்தில் போடுவதற்கு ஒரு விலை, நிறுவனம் அதை விளம்பரமாக ஓட்டுவதற்கு மாதக் கணக்கில் வேறொரு விலை என்று பிரித்துக் கேட்கிறார்கள். மாதத்துக்கு அடிப்படைத் தொகையில் கால் பங்கு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அக்காவுக்கு மாதம் பத்தாயிரம், ஓர் ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் வந்திருக்கும். இப்படிப்பட்ட பணச்சுமையிலிருந்து அவரைக் காப்பாற்றியது ‘நிரந்தரமாக’ என்ற அந்த ஒற்றைச் சொல்.

இரண்டாவது, திருத்தம். எத்தனை முறை திருத்துவது என்று எண் போட்டுக் கலைக்கு வேலி கட்ட நம்மவருக்கு மனம் வரவில்லை. ‘நிறுவனம் திருப்தியடையும் வரை’ என்று விட்டுவிட்டார். அக்கா மார்ச் 10 அன்று முதல் டிராஃப்ட் அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து, இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சியாகக் கிளறலாமே என்று பதில் வந்தது. மகிழ்ச்சியாகக் கிளறி அனுப்பினார். அடுத்து, பின்னணி இசை மேலாளருக்குப் பிடிக்கவில்லை. அதுவும் மாறியது. அப்புறம் நிறுவனம் பாக்கெட்டின் வடிவமைப்பையே மாற்றிவிட்டது. புதுப் பாக்கெட்டோடு மறுபடியும் எடுக்க வேண்டும். எடிட்டிங்கில் சரிசெய்வது வேறு, அடுப்பு பற்றவைத்து, கேமராப் பையனுக்கு இன்னொரு நாள் சம்பளம் கொடுத்து முழுதாக எடுப்பது வேறு என்பது நமக்குத் தோன்றும். ஒப்பந்தத்தின் பார்வையில் இரண்டும் ‘திருத்தம்’தான். அத்தகைய சமநோக்கு ஞானிகளுக்கே உரியது. ஏப்ரல் 28 அன்று நான்காவது டிராஃப்ட் போய்ச் சேர்ந்தது. ‘சூப்பர்’ என்று வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் வந்தது.

ஆனால் எப்போது போடுவது என்பது ‘நிறுவனம் தெரிவிக்கும் தேதியில்’. நம் மேதையின் மொத்தக் கட்டுமானமும் தொங்குகிற ஆணி இந்த வரிதான். சாதாரணமாகப் படிக்கிறவர் பயன்பாடு தனி, திருத்தம் தனி, பணம் தனி என்று நினைத்துக் கடந்துவிடுவார். உண்மையில் பணத்தின் கடிகாரம் ரீல் போட்ட பிறகுதான் ஓடத் தொடங்கும். வேறு பிராண்டுக்கு வேலை செய்யாதிருக்கும் தவமோ கையெழுத்திட்ட அன்றே தொடங்கி, ரீல் போட்டு ஆறு மாதம் ஆனபின் முடியும். இரண்டு கடிகாரத்துக்கும் சாவி ஒரே கையில். அந்தக் கைக்கு எந்த அவசரமும் கிடையாது. சரியான சமயம் பார்த்து வெளியிட வேண்டுமென்று நிறுவனம் ஜூன் 15-ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தது.

ஆக, தவம் மார்ச் 1 முதல் டிசம்பர் 15 வரை. ஆறு மாதம் என்று பேசியது ஒன்பதரை மாதமாகக் கனிந்தது. எதிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதிலும் நம்மவர் தாராளம். மசாலா மட்டும் என்றால் சமையல்காரருக்கு மூச்சுவிட இடம் கிடைத்துவிடுமே. அதனால் ‘உணவுப் பொருட்களும் அவற்றைச் சார்ந்தவையும், ஆனால் அவற்றோடு நின்றுவிடாமல்’ என்று எழுதினார். இடையில் ஒரு கடலை எண்ணெய்க்காரர் வந்தார், ஒரு மிக்சிக்காரர் வந்தார். இருவரையும் அக்கா திருப்பி அனுப்பினார். நாற்பதாயிரத்தை ஒன்பதரையால் வகுத்தால் மாதம் நாலாயிரத்து இருநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இந்தக் காலத்தில் ஒருவரைச் சும்மா உட்காரவைக்க இதைவிடச் சிக்கனமான வழி இருக்குமா?

சட்டம் தெரிந்த யாரோ அவரிடம், ஒப்பந்த காலம் முடிந்தபிறகு ஒருவரின் தொழிலைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது என்று சொல்லியிருக்கிறார். தப்பில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை ஒரு விளம்பர நிறுவனம் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிடித்து வைக்கப் பார்த்தபோது, 2006-இல் உச்ச நீதிமன்றம் இதே பிரிவைக் காட்டி மறுத்தது. இதெல்லாம் நம் மேதைக்குத் தெரியாதா என்ன? இரண்டாம் பக்கத்து விளக்கங்களில், ‘ஒப்பந்த காலம் என்பது பிற பிராண்டுகளிலிருந்து விலகியிருக்கும் காலத்தையும் உள்ளடக்கியது’ என்று முன்பே எழுதி வைத்துவிட்டார். காலம் முடிந்தால்தானே ‘முடிந்த பிறகு’ என்ற பேச்சு எழும்.

இனி பணம். ரீல் போட்டு முப்பது நாள் கழித்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கைப் படமெடுத்து அனுப்பிய பின்புதான் இன்வாய்ஸ் கொடுக்கலாம். அது ஜூலை 15. இன்வாய்ஸ் கிடைத்து அறுபது நாளில் பணம். அது செப்டம்பர் 13. அதுவும் நிறுவனம் ஏஜென்சிக்குக் கொடுத்திருந்தால்தான், ஏஜென்சி அக்காவுக்குக் கொடுக்கும். வாங்கிய தேங்காய்க்கும் கேமராப் பையனுக்கும் மார்ச்சிலேயே காசு கொடுத்துவிட்ட அக்காவுக்கு, பொறுமை என்ற செல்வத்தை ஆறரை மாதம் கட்டணமில்லாமல் பயிற்றுவித்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் வாசகர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், தயவுசெய்து உத்யம் பதிவு செய்துவிடாதீர்கள். ஆதாரை வைத்து இணையத்தில் இலவசமாக முடிகிற வேலைதான். ஆனால் அது பெரியவர்களின் மனதைப் புண்படுத்தும். குறு, சிறு தொழில் என்று பதிந்தவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லித் தொலைக்கிறது. பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றதாகவே பொருளாம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. போதாததற்கு, காலத்தில் கொடுக்காத பணத்தை, கொடுத்து முடிக்கிறவரை, செலவுக் கணக்கில் காட்டி வரி குறைத்துக்கொள்ள முடியாதபடி 2023 நிதிச் சட்டம் வேறு வழி அடைத்துவிட்டது. இவ்வளவு கொடுமைக்கும் ஈடுகொடுத்து, ‘ஏற்பு என்பது வெளியீட்டுக்குப் பின் நிறுவனம் எழுத்தில் தெரிவிக்கும் திருப்தியே’ என்று ஒரு விளக்கத்தை எழுதிய கையை முத்தமிடத் தோன்றுகிறது. இந்தப் புகார்களை விசாரிக்கிற வசதியாக்கக் கவுன்சிலில் அது நிற்குமா என்பது வேறு விஷயம். அங்கே போகிறவர்கள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும்.

செப்டம்பர் கடந்து அக்டோபரில் பணம் வந்தது. ஜனவரியில் அதே ஏஜென்சி, வேறொரு பொருளுக்காக, அதே ஏழு பக்கத்தை அனுப்பியது. அக்கா இந்த முறை கொஞ்சம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார். பாதிப் பணம் முன்பணம். இரண்டு முறைதான் திருத்தம், நிறுவனம் தன் எண்ணத்தை மாற்றி மறுபடி எடுக்கச் சொன்னால் தனிக் காசு. விலகியிருக்க வேண்டிய பிராண்டுகள் மூன்றின் பெயரைச் சொல்லுங்கள். விளம்பரமாக ஓட்ட 90 நாள், அதற்கு மேல் மாதக் கட்டணம். கடைசியாக, ஆணியின் மேலேயே ஒரு வரி: டிராஃப்ட் கொடுத்து முப்பது நாளுக்குள் வெளியீட்டுத் தேதி வராவிட்டால், அன்றே வெளியானதாகக் கருதிப் பணமும் காலக் கெடுவும் ஓடத் தொடங்கும்.

காலை பதினொரு மணிக்கு ஏஜென்சிக்காரர் பதறிக்கொண்டு பேசினார்: “மேடம், இது ஸ்டாண்டர்டு ஃபார்மட், லீகல் ஒரு கமாகூட மாத்த மாட்டாங்க.”

“அப்ப வேற யாரையாவது பாருங்க தம்பி” என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

மாலை நாலு மணிக்கு மாற்றிய ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. முன்பணம் மட்டும் பாதிக்குப் பதில் நாற்பது சதவீதம், மற்றதெல்லாம் அப்படியே. ஒரு கமாவையும் மாற்றாத அந்தக் கொள்கைப் பிடிப்பாளர், மதிய உணவுக்கும் தேநீருக்கும் நடுவில் நாலு பத்தியை மாற்றிக் கொடுத்திருக்கிறார். வேலையில் அப்படி ஒரு சுறுசுறுப்பு.