வெளுத்ததெல்லாம் கடற்காகமா?

கேள்வி: ஜனவரியில் ராமேசுவரம் மீன்பிடி ஜெட்டியில் எடுத்த படம். விசைப்படகுக்குப் பின்னால் ஒரு கூட்டம் வெள்ளைப் பறவைகள். ஊரில் எல்லாவற்றையும் ‘கடல் புறா’ என்கிறார்கள். சரிதானா?

பதில்: படத்தில் புறா ஒன்றுகூட இருக்க வாய்ப்பில்லை. இருப்பவை கடற்காகங்களும் ஆலாக்களும். இரண்டும் லாரிடே என்ற ஒரே குடும்பம். பங்காளிகள் என்பதால் ஜாடை ஒத்துப்போகிறது, பிழைப்பு மட்டும் ஒத்துப்போவதில்லை. கடற்காகம் வலை உதறும்போது விழும் கழிவு மீன், குடல், செத்த நண்டு என்று எதையும் ஒதுக்காது. பெரும்பாலான ஆலாக்கள் நீந்தும் சிறுமீனை மேலிருந்து பாய்ந்து பிடிப்பவை. அலகும் பறக்கும் விதமும் இந்தப் பிழைப்புக்கு ஏற்றபடி அமைந்தவை. இவற்றோடு வாலையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: வாலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஓரத்தை. கடற்காகத்தின் வால் விரிந்தால் விசிறி மாதிரி, ஓரம் ஏறக்குறைய நேராகவோ லேசான வளைவாகவோ இருக்கும். ஆலாவின் வாலில் வெளி இறகுகள் நீண்டும் நடு இறகுகள் குட்டையாகவும் இருப்பதால் நடுவில் கவை விழும். பெரிய கொண்டை ஆலாவிடம் இந்தக் கவை தெளிவாகத் தெரியும்.

கேள்வி: கவை இருந்தால் ஆலா, இல்லாவிட்டால் கடற்காகம். அவ்வளவுதானே?

பதில்: அவ்வளவுதான் என்றால் இந்தப் பகுதி இங்கேயே முடிந்திருக்கும். ஆலா வாலை இறுக மூடிப் பறக்கும் நொடியில் கவை மறைந்து ஒரே கூர்முனை தெரியும். முழுக்க விரித்துத் திருப்பும் நொடியில் கவையின் ஆழம் குறைந்து, வால் கிட்டத்தட்டச் சதுரமாகும். மீசை ஆலாவுக்கோ இயல்பிலேயே கவை மிக ஆழம் குறைந்தது. மறுபக்கம், நடு இறகு ஒன்று உதிர்ந்த கடற்காகத்தின் வாலில் இல்லாத கவை இருப்பதாகத் தோன்றும். ஆகவே தொடர்ச்சியாக எடுத்த படங்கள் இருந்தால் அதே பறவையின் வாலை அடுத்தடுத்த படங்களிலும் பார்க்க வேண்டும். ஆழமான கவை ஒரு படத்தில் தெளிவாகத் தெரிந்தாலும் நம் கடற்கரையில் அது ஆலாதான். கவை வால் கொண்ட கடற்காகங்கள் உலகில் உண்டு. அவற்றில் ஒன்றைப் பார்க்க கலாபகஸ் தீவுகள் வரை போகவேண்டும்.

கேள்வி: அலகு? இரண்டுக்கும் சிவப்பாக இருக்கிறதே!

பதில்: நிறத்தை முதலில் பார்த்தால் அலைச்சல்தான். குளிர்காலத்தில் இங்கே கூட்டமாக வரும் பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு அலகு சிவப்பு, நுனி கறுப்பு. அந்தக் கூட்டத்தின் நடுவே வந்து உட்காரும் காஸ்பியன் ஆலாவுக்கும் அலகு சிவப்பு, நுனி கறுப்பு. வடிவம்தான் பிரித்துக் காட்டும். கடற்காகத்தின் மேலலகு நுனியில் கீழ்நோக்கி வளையும். கிழித்துத் தின்பதற்கான கொக்கி அது. ஆலாவின் அலகில் கொக்கி இல்லை. அடியிலிருந்து நுனிவரை சீராகக் கூர்மையாகும். காஸ்பியன் ஆலாவின் அலகு மிகத் தடித்தது, ஆனாலும் முடிவது கூர்முனையில்தான்.

வடிவம் தெரிந்தபின் நிறம் பயன்படும். மஞ்சள் அலகும் பிடரியில் கலைந்த கறுப்புக் கொண்டையும் இருந்தால் பெரிய கொண்டை ஆலா. அலகு ஆரஞ்சாகவும் உடல் சற்றுச் சிறியதாகவும் இருந்தால் சிறிய கொண்டை ஆலா.

கேள்வி: படம் அசையாது. அதில் ‘பறக்கும் விதத்தை’ எப்படிப் பார்ப்பது?

பதில்: பறவை படத்தில் நின்றுவிட்டாலும் அதன் தோரணை நின்றுவிடவில்லை. முதலில் அலகு எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று பார்க்கலாம். இரை தேடும் ஆலா அலகைக் கடலை நோக்கிக் கவிழ்த்தபடி பறக்கும். மீன் கண்ணில் பட்டால் அந்தரத்தில் சிறகடித்து நின்று, பிறகு இறக்கையைப் பாதி மடக்கித் தலைகுப்புற விழும். கடற்காகம் பெரும்பாலும் அலகை முன்னோக்கி நீட்டி, நிதானமாகச் சிறகடித்து, இடையிடையே மிதந்து செல்லும். நீர்ப்பரப்புக்கு வந்ததும் காலைத் தொங்கவிட்டுக் கழிவைக் கொத்தும், அல்லது அப்படியே நீரில் உட்கார்ந்துவிடும்.

இதிலும் ஒரு சிக்கல்: படகிலிருந்து கழிவு கொட்டும்போது கடற்காகமும் குனிந்து பார்க்கும், சில நொடி நின்று சிறகடிக்கும். அப்போது இறக்கையின் அகலம் கைகொடுக்கும். கடற்காகத்தின் இறக்கை அகன்றது. ஆலாவினுடையது ஒடுங்கி நீண்டு, நுனி கூர்மையானது.

கேள்வி: உட்கார்ந்திருக்கும் பறவைகளுக்கு வாலும் தெரிவதில்லை, பறத்தலும் இல்லை. என்ன செய்வது?

பதில்: எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். துறைமுகத் தண்ணீரில் சாவகாசமாக மிதப்பது அநேகமாகக் கடற்காகம். ஆலாக்கள் நீரில் உட்காருவது அபூர்வம். கம்பம், மிதவை, கயிறு, மணல்திட்டு என்று தேடி உட்காரும். நிற்கும்போது கடற்காகத்தின் கால்கள் நன்றாகத் தெரியும். பெரும்பாலான ஆலாக்களின் கால் குட்டை என்பதால் வயிறு தரையோடு ஒட்டினாற்போல் இருக்கும்.

உருவ அளவை மட்டும் நம்பக்கூடாது. டெலிபோட்டோ லென்ஸ் தொலைவை நசுக்கிவிடும். முன்னால் நிற்கும் சின்னப் பறவையும் பின்னால் நிற்கும் பெரிய பறவையும் ஒரே அளவாகத் தெரியும்.

கேள்வி: அதே படத்தில் ஒரு பறவை: கவை இருப்பது போலவும் இல்லாதது போலவும் ஒரு வால், தடித்த கறுப்பு அலகு, வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் கறுப்புத் திட்டு. கடற்காகம் என்றே முடிவு கட்டிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். கண்ணுக்குப் பின்னால் திட்டு குளிர்காலப் பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கும் உண்டு என்பதால் சந்தேகம் நியாயமே. ஆனால் அந்தக் கடற்காகத்தின் அலகில் கறுப்பு நுனியில் மட்டும்தான். இங்கே அலகு முழுவதும் கறுப்பு. படத்தைப் பெரிதாக்கியும் நுனியில் கொக்கி தெரியவில்லை என்றால் அது அடுத்த சான்று. இறக்கை ஒடுங்கிக் கூர்மையாகவும், வாலில் ஆழம் குறைந்த கவையும் இருந்தால் எல்லாமே ஒரே பக்கம் சாய்கின்றன: இது பருத்த அலகு ஆலா.

இதன் வேடத்துக்கும் பிழைப்புதான் காரணம். மற்ற ஆலாக்களைவிட இது நீருக்குள் பாய்வது குறைவு. தாழப் பறந்து சேற்றிலிருந்து நண்டையும், நிலத்திலும் காற்றிலுமாகப் பூச்சிகளையும் பிடிக்கும். ஓட்டோடு நண்டைப் பிடிக்க ஊசி அலகு போதாது. தடித்த அலகு வேண்டும்.

கேள்வி: ஏப்ரலில் அதே இடத்தில் எடுத்தால் இன்னும் சுலபமா?

பதில்: ஒரு வகையில் ஆம். கிளம்பும் முன் பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு முகம், தொண்டை எல்லாவற்றையும் மூடும் பழுப்பு முகமூடி வந்துவிடும். ஆலாவின் கறுப்பு உச்சந்தலையில் தொப்பியாக நிற்கும். கன்னமும் தொண்டையும் பெரும்பாலும் வெளுப்பாகவே இருக்கும். ஆனால் அந்தக் கடற்காகங்களில் பெரும்பாலானவை திபெத், லடாக் பக்கத்து ஏரிகளுக்கு இனப்பெருக்கத்துக்காகப் புறப்பட்டுப் போயிருக்கும். ஏப்ரல் 15 முதல் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகுக்குப் பின்னால் கூட்டமாக எடுக்க வேண்டிய படம் அதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும்.