அரைக்கால் படி

ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சையோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். போனால் போகிறது, பின்னக் கணக்கிலிருந்தாவது தப்பித்தோம் என்று இருபது வருஷத்துக்கு மேல் நிம்மதியாக இருந்தேன். மகள் ஆறாம் வகுப்பு போனதும் அது புத்தகப் பையில் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டது.

"1/4 பெரிசா, 1/8 பெரிசாம்மா?"

"எட்டுதான்டி பெரிசு. இதுகூடத் தெரியாதா?"

விழுந்து விழுந்து சிரித்தாள். "எட்டில் ஒரு பங்கும்மா!"

"அரைக்கால்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!" காலில் பாதி அரைக்கால். அரைக்கால் படி என்றால் ஆழாக்கு. தினமும் அரிசி அளக்கிற பாத்திரத்தைக் கோடு போட்டு மேலே ஒன்று, கீழே எட்டு என்று எழுதினால் எனக்கு எப்படி அடையாளம் தெரியும்?

அடுத்த கணக்கு 1/2 + 1/4. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/6 என்று போட்டிருந்தாள். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆறில் இரண்டு என்றால் மூன்றில் ஒன்று, அரைப் படிக்கும் குறைச்சல். "அரைப் படியோட கால் படியைப் போட்டா அரைப் படியை விடக் குறையுமா? மிச்சத்தை எலி தின்னுச்சா?"

மாமியார் விட்டுப்போன அளவுகளை எடுத்துவந்தேன். அரைப் படி உரி, கால் படி உழக்கு, அப்புறம் ஆழாக்கு. உரி அரிசியையும் உழக்கு அரிசியையும் ஒரே குண்டானில் கொட்டி, ஆழாக்கால் அளக்கச் சொன்னேன். ஐந்துதான் வந்தது. பிள்ளை ஒவ்வொரு ஆழாக்கையும் கோபுரம் கட்டி அளந்திருந்தாள். தலை தட்டி அளந்ததும் சரியாக ஆறு. படிக்கு எட்டு ஆழாக்கு, ஆகவே 6/8.

"அதாவது 3/4" என்றாள்.

"அதாவது முக்கால். சந்தையில கேட்டுப்பாரு."

உரியில் நாலு ஆழாக்கு, உழக்கில் இரண்டு. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தபிறகுதான் கூட்ட முடியும். இதற்குப் பகுதியைச் சமப்படுத்துவது என்று பெயராம். அதைச் சொல்லித்தந்த வாத்தியார் ஒரு ஆழாக்கைக் கையில் கொண்டுவந்திருந்தால், நானும் பத்தாவது வரை போயிருப்பேனோ என்னவோ.

அந்தப் பெருமையில் இருந்த என்னிடம் அடுத்து 1/2 + 1/3 என்றாள். மூன்றில் ஒரு படிக்கு எங்கள் வீட்டில் பாத்திரம் கிடையாது. நம் படிக்கணக்கு ஆழாக்கு வரை பாதி பாதியாகத்தான் இறங்கும், மூன்றாகப் பிரியாது. கொஞ்சம் முழித்துவிட்டு ஆறு டம்ளரை வரிசையாக வைத்தேன். ஆறும் சேர்ந்தால் முழுசு. பாதிக்கு மூன்று, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு, மொத்தம் ஐந்து. 5/6!

அந்த ஆறு ஆழாக்கு அரிசியை அப்படியே இட்லிக்கு ஊறப்போட்டோம். நாலுக்கு ஒன்று என்றால் உளுந்து ஒன்றரை ஆழாக்கு என்று மகள் நோட்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டினாள். நோட்டில் போட்டதோடு சரி, உளுந்தை ஊறப்போட இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

மறுநாள் காலை வீட்டில் உப்புமா.