ஞானதிருஷ்டி உடையோருக்கு ஒரு விண்ணப்பம்

வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி பிரிவை எழுதியருளிய, முக்காலமும் உணர்ந்த பெரியோர்களுக்கு, அரிசியும் எண்ணெயும் விற்கும் கடைக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

போன வாரம் ஓர் அலுவலகத்தில், நூறு ரூபாய்க்கு விற்றால் எனக்கு மூன்று ரூபாய்தான் மிஞ்சுகிறது என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் சிட்டை நோட்டை இரண்டு விரலால் தள்ளிவிட்டு, "இது பொட்டலம் மடிக்கத்தான் ஆகும்" என்றார். வரிசையே சிரித்தது. தப்பு என்னுடையதுதான். உங்கள் ஞானதிருஷ்டி இருக்கும்போது நான் எதற்குக் கணக்கு எழுதினேன்?

என் கல்லாவுக்குள் எட்டிப் பார்க்காமலே, ரொக்கமாக வந்ததில் நூற்றுக்கு எட்டு, ஜிபேயிலும் வங்கியிலும் வந்ததில் நூற்றுக்கு ஆறு லாபம் என்று கண்டுவிட்டீர்கள். 2025-26இல் என் விற்பனை 1.9 கோடி. ரொக்கம் 70 லட்சம், மீதி 1.2 கோடி வங்கி வழியாக. உங்கள் ஞானதிருஷ்டியில் லாபம் 12.8 லட்சம். என் நோட்டில் 5.7 லட்சம். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் என் கணக்குக்கு ஒரு பைசா வரி கிடையாது. உங்கள் கணக்குக்கு செஸ்ஸோடு 74,880 ரூபாய்.

முழுக் கணக்கு எழுதி நிரூபிக்கலாமே என்பீர்கள். கணக்கெழுத ஆள் வைத்தால் மாதம் ஐயாயிரம். ரொக்க வரவு இவ்வளவு இருப்பதால் தணிக்கையும் கட்டாயம். ஆடிட்டர் கேட்டது நாற்பதாயிரம். ஆக, உண்மையைச் சொல்ல ஒரு லட்சம், பொய்யை ஒப்புக்கொள்ள 74,880. ஒருமுறை வெளியேறினால் ஐந்து வருடம் உங்கள் திட்டத்துக்குள் திரும்ப முடியாது. அத்தனை வருடமும் கணக்கும் தணிக்கையும் தொடரும். ஞானதிருஷ்டியைச் சந்தேகித்தவனுக்கு வனவாசம் வேண்டாமா?

லாரிக்காரருக்கு டன் பார்த்து வருமானம் நிர்ணயிக்கிறீர்கள். டாக்டருக்கும் வக்கீலுக்கும் வரவில் பாதி என்று தனிக் கணக்கு. வளையல் கடைக்கும் அரிசிக் கடைக்கும் மட்டும் ஒரே விகிதமா? வளையலில் வைக்கும் லாபத்தை அரிசியில் வைத்தால் எவன் வாங்குவான்? வராத லாபத்துக்கு வரி கேட்பது பகல் கொள்ளை ஐயா!

மன்னிக்கவும், பக்தி மிகுதியில் நாக்கு புரண்டுவிட்டது. மலிவானது பொய்தான் என்பதால் 74,880ஐயும் கட்டிவிடுகிறேன். ஒரே ஒரு வரம் வேண்டும்: என் கடையில் நீங்கள் கண்ட மிச்சம் 7.1 லட்சம் எந்த மூட்டைக்கு அடியில் இருக்கிறது என்பதையும் அதே ஞானதிருஷ்டியால் பார்த்துச் சொல்லிவிட்டால், எடுத்துச் செலவழித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
நீங்கள் சொல்லித்தான் தன் லாபத்தை அறிந்த கடைக்காரன்