வீடு பூட்டியிருந்ததாம்

இன்று காலை செல்போனில் ஒரு குறுஞ்செய்தி. ‘தங்கள் ஏ.சி.க்கு வெட் சர்வீஸ் முடிந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ அப்போது நான் அந்த ஏ.சி.க்கு நேர் கீழே வாளியை நகர்த்திக்கொண்டிருந்தேன். டிரெயின் பைப்பில் பாசி அடைத்து, வெளியே போகவேண்டிய தண்ணீர் கட்டிலில் சொட்டுகிறது.

நீங்களும் ஏ.எம்.சி. போட்டவர்தானே, விளக்குவானேன்? 3,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 3,540. வருஷத்துக்கு மூன்று டிரை சர்வீஸ், ஒரு வெட் சர்வீஸ். பத்து மாதமாகியும் ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டக்கூட ஆள் வரவில்லை.

கேட்டால், ஒவ்வொரு தடவையும் டெக்னீஷியன் வந்தாராம், வீடு பூட்டியிருந்ததாம். எந்த வீடு? நான் ஓய்வுபெற்றவன். எங்கள் தெரு முழுவதற்குமான கூரியர் என் திண்ணையில்தான் இறங்குகிறது. தண்ணீர் கேன்காரர் வருகிறார். ரசீதுப் புத்தகத்தோடு கோயில் கமிட்டி வருகிறது. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியும் வருகிறது. அடுத்த தெருவுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் தவறி எங்கள் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். இவர்கள் யார் கண்ணிலும் படாத பூட்டு அது. எங்களிடம் பூட்டே கிடையாது என்பது வேறு விஷயம். திருப்பதி போய்வந்த அன்று சாவி தொலைந்து, இருந்த பூட்டை உடைத்தோம். பிறகு எங்கும் போகவில்லை, வாங்கவும் இல்லை.

“முனை மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அரை மணியில் பைப்பை ஊதிவிட்டுப் போவான்” என்கிறாள் மனைவி. கூப்பிடலாம். ஆனால் வெளியாள் கை வைத்தால் ஒப்பந்தம் ரத்து என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அவர்களும் தொடமாட்டார்கள், அடுத்தவனையும் தொடவிடமாட்டார்கள்.

ஆகவே கடிதம். பொருள்: நிலுவை சர்வீஸ்களைச் செய்து தருதல், அல்லது பணத்தைத் திருப்புதல். ஒப்பந்த எண், காலம், புகார் எண்கள் எல்லாம் எழுதி, பதினைந்து நாள் கெடு கொடுத்திருக்கிறேன். முடிந்ததாகச் சொல்லும் வெட் சர்வீஸுக்கு நான் கையெழுத்திட்ட சர்வீஸ் ரிப்போர்ட்டின் நகலும் கேட்டிருக்கிறேன். என் கையெழுத்தை இப்போது யார் போடுகிறார் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். பதில் இல்லையென்றால் 1915, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இவ்வளவு சின்னத் தொகைக்கு அங்கே கட்டணமும் இல்லை.

பணத்தைத் திருப்புவதில் தகராறு கணக்கில்தான். போனில் பேசிய தம்பி, “பத்து மாசம் முடிஞ்சிருச்சு சார், மீதி ரெண்டு மாசத்துக்குத்தான் வரும்” என்றார். அதாவது 590. மாதத்தையா நான் காசு கொடுத்து வாங்கினேன்? அதை மளிகைக் கடைக்காரரே காலண்டரில் இலவசமாகத் தருகிறாரே! நான் வாங்கியது நான்கு வருகை. வந்தது பூஜ்யம். விகிதாசாரம் போட்டால் முழுத் தொகை அல்லவா வரும்? அந்த 590-லும் 90 ரூபாய் திரும்பாதாம், ஜி.எஸ்.டி. அரசாங்கத்துக்குப் போய்விட்டதாம். நடக்காத சர்வீஸில் அது ஒன்றுதான் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.